சுவரில் டைல்ஸ் ஒட்டுவது: மட்டக்கோட்டில் தொடங்கி கடைசி வரிசை வரை

பழக வந்த ஒருவர் குளியலறைச் சுவரில் முதல் வரிசையைத் தரைமேலேயே நிறுத்தி ஒட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு டைலுக்கும் நடுவில் ஸ்பேசர் ஒழுங்காக வைத்திருந்தார். இரண்டு வரிசை வரை அழகாகத்தான் இருந்தது. நாலாவது வரிசையில் மூலையை ஒட்டி வெட்டுத் துண்டு வைக்கப் போனபோது, கீழே வைத்த துண்டைவிட மேலே வைக்க வேண்டிய துண்டு ஒரு விரல் அகலம் குறைந்துவிட்டது. தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். டைல்ஸும் அந்தச் சாய்வோடு சேர்ந்து சாய்ந்துவிட்டது. ஸ்பேசர் இடைவெளியைத்தான் காக்கும், மட்டத்தைக் காக்காது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

கீழே சொல்வது ஒரே ஒரு சுவரின் கதை. அகலம் 2170 மி.மீ., உயரம் 2400 மி.மீ. சிமெண்ட் பூச்சு போட்ட சுவர். டைல் 300 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம், நிமிர்த்தி ஒட்டுவது. ஸ்பேசர் 2 மி.மீ. உங்கள் சுவரின் அளவு வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுவேதான்.

## 1. பசை பையைப் பிரிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பசை கலந்த பிறகு தேடி ஓட முடியாது. கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1200 மி.மீ. நீள ரசமட்டம் ஒன்று, குட்டி ரசமட்டம் ஒன்று, தூக்குக்குண்டு, அளவுநாடா, இரண்டு மீட்டர் நீளத்துக்கு வளையாத அலுமினியக் கட்டை, கலர்நூல், பென்சில். பல்கரண்டி (இந்த அளவு டைலுக்கு 8 அல்லது 10 மி.மீ. பல்), தட்டைக் கரண்டி, ரப்பர் சுத்தியல், டைல் கட்டர், கலக்கும் துடுப்பு மாட்டிய டிரில், இரண்டு வாளி, ஸ்பாஞ்ச். சிலுவை ஸ்பேசரோடு ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் ஆப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது ஒன்பதாம் படியில் தெரியும்.

கையுறை கட்டாயம். சிமெண்ட் பசை தோலை அரிக்கும். எரிச்சல் அப்போதே தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். மெஷினில் டைல் வெட்டினால் கண்ணாடியும் தூசி முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

டைலை வாங்கி வந்ததும் பெட்டிகளில் இருக்கும் பேட்ச் எண்ணும் அளவுக் குறியும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் நிறம் மட்டுமில்லை, அளவிலும் ஒரு மி.மீ. வரை மாறலாம். 2 மி.மீ. இடைவெளியில் ஒரு மி.மீ. என்றால் பாதி போய்விட்டது.

## 2. சுவரைத் தட்டிப் பாருங்கள், கட்டை வைத்துப் பாருங்கள்

டைல் பசை ஒட்டுவதற்கு மட்டும்தான். சுவரின் மேடு பள்ளத்தை நிரப்புவது அதன் வேலை இல்லை. அதனால் சுவரைச் சரிபண்ணுவது தனி வேலை, அதை முந்தின நாளே முடித்துவிட வேண்டும்.

இரண்டு மீட்டர் கட்டையைச் சுவரில் நெடுக்காக, குறுக்காக, மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள். கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரிந்தால் அந்தப் பள்ளத்தைப் பூச்சால் நிரப்புங்கள், மேட்டைச் செதுக்குங்கள். அடுத்து, தூக்குக்குண்டு விட்டு சுவர் முன்னால் பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்டிப் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். எங்கே சத்தம் பொள்ளென்று கேட்கிறதோ அங்கே பூச்சு சுவரை விட்டு விலகி நிற்கிறது. அதன்மேல் ஒட்டினால் டைல் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும், பூச்சு டைலோடு சேர்ந்து விழும். அந்த இடத்தைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசுங்கள். புதுப் பூச்சு என்றால் குறைந்தது இரண்டு வாரம் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது அது சுருங்கிக்கொண்டே இருக்கும்.

பெயிண்ட் அடித்த சுவரென்றால் பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். போதுமான அளவு சுரண்டியாயிற்றா என்று தெரிய, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவர் உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் பெயிண்டோ எண்ணெய்ப் பிசுக்கோ மிச்சம் இருக்கிறது. குளிக்கும் இடத்துச் சுவரானால் நீர்த்தடைப் பூச்சு அடித்துக் காயவிட்ட பிறகே டைல். கடைசியாகத் தூசியை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். தூசிமேல் ஒட்டிய பசை தூசியோடு உரிந்து வரும்.

## 3. முதலில் ரசமட்டத்தையே சோதியுங்கள், பிறகு மட்டக்கோடு

கீழே விழுந்த ரசமட்டம் பொய் சொல்லும். சோதிப்பது சுலபம். சுவரில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்படி செய்து, ஒரு கோடு போடுங்கள். இப்போது ரசமட்டத்தை இடம் வலமாகத் திருப்பி, கோட்டின் ஒரு முனையிலிருந்தே மறுபடி குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. 1200 மி.மீ. தள்ளி மறுமுனையில் இரண்டு கோட்டுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் வந்தால், ரசமட்டத்தில் இருக்கும் பிழை அதில் பாதி, அதாவது ஒரு மி.மீ. அதை வைத்து டைல் வேலை வேண்டாம்.

இனி தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மட்டக்கோடு போட வேண்டும். ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்திப் போட்டால் ஒவ்வொரு நகர்த்தலிலும் சின்னப் பிழை சேரும். தண்ணீர்க் குழாய் மட்டமோ லேசரோ இருந்தால் இரண்டு முனையில் புள்ளி வைத்து நூல் அடித்துவிடலாம். தண்ணீர்க் குழாயில் காற்றுக் குமிழ் இல்லை, இரண்டு வாயும் திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாயை விரலால் மூடிக்கொண்டே மட்டம் பார்த்தவர்களும் உண்டு. தண்ணீர் அசையவே அசையாது.

இந்தக் கோடு டைல் வரப்போகும் இடத்தைக் காட்டும் கோடு அல்ல. எல்லா அளவையும் இங்கிருந்துதான் எடுக்கப்போகிறோம். தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் அளவெடுப்பதை இந்த நிமிடத்தோடு மறந்துவிடுங்கள்.

## 4. தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள்

மட்டக்கோட்டிலிருந்து தரை வரை ஏறக்குறைய அரை மீட்டருக்கு ஓர் இடத்தில் அளந்து, அந்த எண்ணைச் சுவரிலேயே எழுதுங்கள். எங்கள் சுவரில் இடது மூலையில் 1000, அடுத்து 1003, 1007, 1011, வலது மூலையில் 1014 மி.மீ. வந்தது. எண் எங்கே பெரிதோ அங்கேதான் தரை பள்ளம். இங்கே வலது மூலை 14 மி.மீ. தாழ்ந்திருக்கிறது.

இந்த 14 மி.மீ. சின்னதாகத் தோன்றும். தரையைப் பின்பற்றி ஒட்டினால் நிற்கிற இடைவெளிக் கோடுகளும் அதே அளவு சாயும், 2400 மி.மீ. உயரம் போய்ச் சேரும்போது அது 15 மி.மீ. ஆகிவிடும். ஆரம்பத்தில் சொன்னவரின் மூலைத் துண்டு மேலே போகப் போகக் குறைந்தது இதனால்தான்.

## 5. அகலக் கணக்கு: நடுக்கோடு எங்கே

சுவரின் நடுவைக் குறித்து, தூக்குக்குண்டு விட்டு, மேலிருந்து கீழாக ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 2170 இல் பாதி 1085 மி.மீ. மூலைகளில் சுவர் அசைவுக்காக 3 மி.மீ. சந்து விடப்போகிறோம்.

ஒரு மூலையிலிருந்தே முழு டைலாக ஆரம்பித்தால் ஏழு டைல் போகும். மறு மூலையில் மிஞ்சுவது 50 மி.மீ. கீற்று. வெட்டும்போதே பாதி உடையும். ஒட்டினாலும் பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும்.

நடு டைலின் மையத்தை நடுக்கோட்டில் வைத்தால் இன்னும் மோசம். நடு டைலில் பாதி 150, பக்கத்தில் மூன்று டைல் இடைவெளியோடு 906, ஆக 1056. மிச்சம் 29, அதில் இடைவெளி 2, மூலைச் சந்து 3 போக 24 மி.மீ. இரண்டு மூலையிலும் கீற்று.

இடைவெளியை நடுக்கோட்டில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று டைல், பாதி இடைவெளி ஒன்று, முழு இடைவெளி இரண்டு: 1 + 900 + 4 = 905. மிச்சம் 180, இடைவெளி 2, மூலைச் சந்து 3 போக 175 மி.மீ. துண்டு. இரண்டு மூலையிலும் பாதிக்கு மேற்பட்ட அகலத்தில், ஒரே அளவில் வெட்டுத் துண்டு. இதுதான் நமக்கு வேண்டியது.

காகிதத்தில் போட்ட கணக்கை நம்பி இறங்காதீர்கள். நாலைந்து டைலைத் தரையில் ஸ்பேசரோடு வரிசையாக வைத்து மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். பெட்டிமேல் 300 என்று போட்டிருக்கும் டைல் 298.5 ஆக இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

## 6. உயரக் கணக்கும் தாங்கு சட்டமும்

அடிவரிசையை முதலில் ஒட்டக் கூடாது. இரண்டாவது வரிசையில் தொடங்கி மேலே போய், அடிவரிசையைக் கடைசியில் தரைக்கேற்ப வெட்டி வைக்க வேண்டும். அதற்காக இரண்டாவது வரிசைக்குக் கீழே சுவரில் ஒரு நேர்ச் சட்டம் அடிக்கிறோம். பசை இறுகும்வரை மேலே இருக்கும் டைல்கள் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், சரியாது.

சட்டத்தின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் வர வேண்டும்? தரை பள்ளமாக இருக்கும் இடத்தில் முழு டைல் உட்கார வேண்டும். அதனால் தரைச் சந்து 3, டைல் 450, இடைவெளி 2, ஆக 455 மி.மீ. அந்த இடத்தில் மட்டக்கோடு தரையிலிருந்து 1014 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. 1014 இல் 455 போனால் 559. மட்டக்கோட்டிலிருந்து 559 மி.மீ. கீழே, இரண்டு மூலையிலும் நடுவிலும் புள்ளி வைத்து நூல் அடியுங்கள். சட்டத்தின் மேல் விளிம்பு அந்தக் கோடு.

இடது மூலையில் தரை மேடாக இருப்பதால் அடிவரிசை டைல் அங்கே 436 மி.மீ. ஆக வெட்டுப்படும். 450 க்கும் 436 க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மீட்டர் அகலத்தில் பரவிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.

மேலே பார்த்தால், 455 க்கு மேல் 1945 மி.மீ. இருக்கிறது. நாலு முழு வரிசைக்கு 1806. மிச்சம் 139, இடைவெளியும் கூரைச் சந்தும் போக 134 மி.மீ. துண்டு. இது பிடிக்காவிட்டால் சட்டத்தை 158 மி.மீ. கீழே இறக்கி, அடியிலும் உச்சியிலும் 292 மி.மீ. துண்டாகப் பகிர்ந்துகொள்ளலாம். எனக்கு அடியில் முழு டைல் இருப்பதுதான் பிடிக்கும், உச்சித் துண்டை யாரும் தலைதூக்கிப் பார்ப்பதில்லை.

சட்டம் நேராக இருக்கிறதா என்று அடிக்கும் முன்பே பாருங்கள். சுவரில் வைத்து விளிம்போரம் ஒரு கோடு போட்டு, சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டி அதே விளிம்பை அந்தக் கோட்டோடு சேருங்கள். நடுவில் சந்து தெரிந்தால் சட்டம் வில்லாக வளைந்திருக்கிறது. அலுமினியச் சானல் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அடித்து முடித்ததும் மேல் விளிம்பில் ரசமட்டம் வைத்து மறுபடி பாருங்கள், ஆணி அடிக்கும்போது நகர்ந்திருக்கும்.

இந்தச் சுவருக்கு வரிசைக்கு எட்டு டைல், ஐந்து வரிசைக்கு 40. உச்சித் துண்டு ஒரு டைலில் மூன்று கிடைக்கும் என்பதால் அதற்கு இன்னும் 3. உடைவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 48 டைல் வைத்துக்கொண்டால் நடுவில் நிற்க வேண்டி வராது.

## 7. பசை கலப்பது

பையில் சி1 அல்லது சி2 என்று போட்டிருக்கும். தண்ணீர் உறிஞ்சும் சாதாரண செராமிக் சுவர் டைலுக்கு, சிமெண்ட் பூச்சின்மேல், சி1 போதும். தண்ணீரே உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலுக்கு சி2 வேண்டும். சிமெண்ட் நுழைந்து பிடிக்க அதன் முதுகில் துளை இல்லை, பாலிமர்தான் பிடிக்க வேண்டும். கூடவே டி என்ற எழுத்து இருந்தால் சுவரில் வழுக்கி இறங்காது, இ இருந்தால் பூசிய பிறகு ஒட்டுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். சுவருக்கு டி இல்லாமல் வாங்காதீர்கள்.

முதலில் வாளியில் தண்ணீர், அதில் பொடி. மாற்றிச் செய்தால் அடியில் காய்ந்த பொடி கட்டியாக நிற்கும். தண்ணீர் அளவு பையில் எழுதியிருக்கும், அளந்து ஊற்றுங்கள். கட்டி இல்லாமல் கலந்ததும் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே இருக்கும் பாலிமர் கரைய அந்த நேரம் வேண்டும். பிறகு தண்ணீர் சேர்க்காமல் மறுபடி ஒரு கலக்கு. பல்கரண்டியால் சீவினால் வரி நிமிர்ந்து நிற்க வேண்டும். வரி சரிந்து படுத்தால் தண்ணீர் கூடிவிட்டது.

மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிமெண்ட் சாந்தில் ஒட்டிப் பழகியவர்கள் டைலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சாந்துக்கு அது சரி, பசைக்கு வேண்டாம். முதுகில் ஈரம் நின்றால் பசை பிடிக்காது. தூசியைத் துடைத்தால் போதும். இரண்டாவது, பசை சீக்கிரம் தீராமல் இருக்க அதோடு சிமெண்டைக் கலப்பது. மூன்றாவது, வாளியில் இறுக ஆரம்பித்த பசையில் தண்ணீர் விட்டு இளக்குவது. பார்க்கப் பசைபோலவே இருக்கும், பிடிப்பு போயிருக்கும். பாதிப் பையாகக் கலப்பதே நல்லது.

## 8. பூசுவது, சீவுவது, முதல் டைல்

ஒரு தடவையில் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பூசாதீர்கள். புதிதாகப் பழகுபவர் என்றால் நாலு டைலுக்குப் போதும். பல்கரண்டியின் தட்டைப் பக்கத்தால் முதலில் மெல்லிய படலமாகச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். பசை சுவரைப் பிடிப்பது இந்தத் தேய்ப்பில்தான். அதன்மேல் பசை வைத்து, பல் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, படுக்கை வரிகளாக ஒரே திசையில் சீவுங்கள். வட்டம் வட்டமாகச் சீவினால் வரிகளுக்கு நடுவில் காற்று அடைபடும். நேர் வரி என்றால் டைலை அழுத்தும்போது காற்று பக்கவாட்டில் ஓடிவிடும்.

முதல் டைல் நடுக்கோடும் சட்டமும் சந்திக்கும் இடத்தில். நடுக்கோட்டிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி வையுங்கள், இடைவெளியில் பாதி அது. சட்டத்தில் உட்காரவைத்து, வரிகளுக்குக் குறுக்காக மேலும் கீழுமாகச் சில மி.மீ. அசைத்து அழுத்துங்கள். வரிகள் படுத்து ஒன்றோடொன்று சேரும்.

இப்போது அந்த முதல் டைலைப் பிடுங்கி எடுங்கள். ஆமாம், நன்றாக ஒட்டியதைத்தான். முதுகைத் திருப்பிப் பாருங்கள். குளியலறையில் பசை 95 விழுக்காடாவது படிந்திருக்க வேண்டும், நாலு மூலையும் கட்டாயம். வரிவரியாகக் கோடு தெரிந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது பல் சிறியது. பெரிய பல்லுக்கு மாறுங்கள், அல்லது ஒட்டும் முன் டைல் முதுகிலும் மெல்லியதாகப் பசை தேயுங்கள். ஐந்து பொட்டாகப் பசை வைத்து ஒட்டும் பழக்கம் உள்ளவர்களை இந்த ஒரு சோதனை மாற்றிவிடும். பொட்டுகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் தண்ணீர் தேங்கும். ஆணி அடித்தால் டைல் விரியும்.

சீவிய பசையை அடிக்கடி விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் நேரம் இருக்கிறது. தொட்டும் விரல் சுத்தமாக வந்தால் மேலே தோல் கட்டிவிட்டது. தண்ணீர் தெளிக்காமல், மேலேயே புதுப் பசை அப்பாமல், சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் இது நினைப்பதைவிடச் சீக்கிரம் நடக்கும்.

## 9. ஸ்பேசரும் ரசமட்டமும்: மேலே ஏறுவது

சட்டத்தின் மேல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் முழு டைல்களை வையுங்கள். பக்கத்து டைல்களுக்கு நடுவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஸ்பேசர். ஒற்றை ஸ்பேசர் வைத்தால் டைல் அதன்மேல் சுழலும்.

மூன்று டைல் வைத்ததும் மூன்று சோதனை. ரசமட்டத்தை மேல் விளிம்பில் படுக்கவைத்து மட்டம், பக்கவாட்டு விளிம்பில் நிமிர்த்தித் தூக்கு, நேர்க்கட்டையை டைல் முகத்தில் வைத்து ஏற்ற இறக்கம். அடுத்தடுத்த டைல் விளிம்புகளுக்கு நடுவில் ஒரு மி.மீ. வரை போகலாம். நகத்தை ஒரு டைலிலிருந்து அடுத்ததற்கு இழுத்தால் தடுக்குவது தெரியும். மேடாக இருந்தால் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். பள்ளமாக இருந்தால் இழுத்துச் சரிசெய்ய முடியாது. எடுத்து, பசை கூட்டி, மறுபடி வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் செய்ய வேண்டிய திருத்தம் இது. அதன் பிறகு அசைத்தால் பிடிப்பு அறுந்துவிடும், வெளியே தெரியாது.

சட்டத்தின் மேல் உட்கார்ந்த வரிசைக்கு அடுத்த வரிசையிலிருந்துதான் ஸ்பேசர் ஏமாற்றத் தொடங்கும். டைல்கள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. ஓர் ஓரத்து டைல்கள் தலா அரை மி.மீ. கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வரிசை ஏறியதும் அந்த ஓரம் 2 மி.மீ. உயர்ந்திருக்கும், எல்லா ஸ்பேசரும் ஒழுங்காக இருக்கும்போதே. அதனால் ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் மட்டம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. தாழ்ந்த பக்கத்தில் ஸ்பேசரை எடுத்துவிட்டு ஆப்பைச் செருகி, குமிழ் நடுவுக்கு வரும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். இடைவெளி 2 என்பது 2.5 ஆகும், யாருக்கும் தெரியாது. மட்டம் போனால் எல்லாருக்கும் தெரியும். இடைவெளி, மட்டம் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் நான் இடைவெளியைத்தான் விடுவேன்.

செங்குத்துக் கோட்டையும் அப்படியே. நடு இடைவெளி, சுவரில் போட்ட நடுக்கோட்டின் மேலேயே போகிறதா என்று ஒவ்வொரு வரிசையிலும் பாருங்கள். பசை பூசும்போது கோடு மறைந்துவிடும். அதனால் கோட்டின் உச்சியிலும் அடியிலும் ஆணி அடித்து நூல் கட்டிக்கொள்வது நல்லது.

ஸ்பேசரை முழுக்க உள்ளே அழுத்தாதீர்கள். காலில் ஒன்றை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால் பிறகு பிடுங்குவது எளிது. இடைவெளியில் பிதுங்கி வரும் பசையை அன்றைக்கே, பச்சையாக இருக்கும்போதே குச்சியால் சுரண்டிவிடுங்கள். மறுநாள் உளி தேவைப்படும், உளி பட்டால் டைல் ஓரம் சில்லுப் போகும்.

## 10. மூலைத் துண்டுகள்

175 மி.மீ. என்று கணக்கில் வந்ததால் நாலு முழு வரிசைக்கான எட்டுத் துண்டையும் மொத்தமாக வெட்டி வைத்துவிடாதீர்கள். மூலை தூக்காக இருக்காது. ஒவ்வொரு வரிசையிலும் துண்டின் மேல் விளிம்பு வரும் இடத்தையும் கீழ் விளிம்பு வரும் இடத்தையும் தனித்தனியாக அளந்து, இடைவெளியும் சந்தும் கழித்து, டைலில் இரண்டு புள்ளி வைத்துச் சேர்த்துக் கோடு போடுங்கள்.

கட்டரில் சக்கரத்தை ஒரே இழுப்பில், ஒரே அழுத்தத்தில் ஓட்டுங்கள். அதே கோட்டில் இரண்டாவது முறை ஓட்டினால் உடைவு தடம் மாறும். வெட்டிய விளிம்பு மூலைப் பக்கம், தொழிற்சாலை விளிம்பு அடுத்த டைல் பக்கம். குழாய்க்கு ஓட்டை போட வேண்டும் என்றால் டைலை ஒட்டும் முன்பே, டிரில்லில் ஹோல்சா என்ற வட்ட வெட்டியை மாட்டி, டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக.

## 11. சட்டத்தைக் கழற்றி அடிவரிசை

குறைந்தது 24 மணி நேரம் கழித்துச் சட்டத்தைக் கழற்றுங்கள். நெம்பாதீர்கள், திருகாணியோ ஆணியோ பிடுங்கிக் கீழ்நோக்கி இறக்குங்கள். நெம்பினால் அந்த விசை நேரே முதல் டைலின் கீழ் விளிம்பில் போய் விழும். ஆணி ஓட்டைகளை அடைத்து, நீர்த்தடைப் பூச்சு போட்ட சுவரானால் அந்த ஓட்டைகளுக்கு மேலும் அதைத் தொட்டுப் பூசி, காய்ந்த பிறகு வேலையைத் தொடருங்கள்.

அடிவரிசை டைல் ஒவ்வொன்றுக்கும் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் அளந்து, 2 மி.மீ. இடைவெளியும் 3 மி.மீ. தரைச் சந்தும் கழித்து வெட்டுங்கள். டைலைத் தூக்கி நிறுத்த, தரையில் இரண்டு ஆப்பு. மேலே ஸ்பேசர் இறுகும்வரை ஆப்பைத் தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் மேல் வரிசையையே அசைத்துவிடுவீர்கள். வெட்டிய விளிம்பு தரைப் பக்கம்.

## 12. கிரவுட்டும் மூலைச் சந்தும்

அடிவரிசையும் 24 மணி நேரம் காய்ந்த பிறகு ஸ்பேசர், ஆப்பு எல்லாவற்றையும் பிடுங்குங்கள். கிரவுட் போடும் முன் எல்லா டைலையும் விரல் முட்டியால் ஒரு சுற்றுத் தட்டிப் பாருங்கள். பொள்ளெனக் கேட்கும் டைலை எடுத்து மாற்ற இதுதான் கடைசி வசதியான நேரம். கிரவுட் போட்ட பிறகு ஒரு டைலை எடுக்கப் போனால் பக்கத்து டைலின் ஓரமும் கூட வரும்.

கிரவுட்டை ரப்பர் கட்டையால் இடைவெளிக்குக் குறுக்காக, சாய்வாகத் தள்ளி நிரப்புங்கள். இடைவெளியோடு சேர்ந்து இழுத்தால் கட்டையின் விளிம்பு உள்ளே இறங்கி, நிரப்பியதையே தோண்டி எடுத்துவிடும். கொஞ்சம் இறுகியதும் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். சொட்டச் சொட்டத் துடைத்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

இரண்டு சுவர் சேரும் மூலையிலும் சுவரும் தரையும் சேரும் இடத்திலும் விட்ட 3 மி.மீ. சந்தில் கிரவுட் வேண்டாம். இரண்டு பரப்பும் தனித்தனியாக அசையும் இடம் அது. இறுகிய கிரவுட் அங்கே மயிரிழையாக விரிந்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். கிரவுட் நன்றாகக் காய்ந்த பிறகு சந்தைத் துடைத்து, இரண்டு ஓரமும் டேப் ஒட்டி, சிலிக்கான் அடைத்து, ஈர விரலால் ஒரே இழுப்பாக வழித்து, தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். குழாயைத் திறப்பது மறுநாள்தான்.